உன் வலது காலின் வளர்ச்சி ஏன் நிறுத்தப்பட்டது

அன்புள்ள கயல்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய்: "குட்டையா இருந்தது இடது கால். நல்லா இருந்த வலது காலை ஏன்ப்பா ஆபரேஷன் பண்ணினீங்க? அதுவும் பத்து வயசுலயே?" எனக்கு உடனே பதில் வரவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டரை வயதில் உனக்குக் காய்ச்சலோடு இடது முட்டி வீங்கியது. எலும்பில் சீழ் பிடித்திருந்தது. அது குணமானாலும், தொடை எலும்பின் கீழ் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டை, டாக்டர்கள் குரோத் பிளேட் என்பார்களே, அதைக் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போனது. முட்டிக்கு மேலே உள்ள அந்தத் தட்டுதான் காலிலேயே அதிகம் வளர்வது. நல்ல தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நீளும். உன்னுடையது 7 மி.மீ. நீண்டது. ஒரு வருடத்தில் 3 மி.மீ. பின்தங்குவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது ஒவ்வொரு வருடமும் சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் டேப் வைத்து அளந்தார்கள். இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க முண்டு வரை. ஒரே வாரத்தில் ஒருவர் 2 செ.மீ. என்றார், இன்னொருவர் 3 என்றார். எலும்பு முனையைத் தொட்டுப் பிடிக்கும் இடம் கொஞ்சம் மாறினாலே அவ்வளவு வித்தியாசம் வரும். பலகை வைத்துப் பார்ப்பதைத்தான் நான் நம்பினேன். குட்டைக் காலின் அடியில் ஒவ்வொரு பலகையாக வைத்து, பின்னால் உட்கார்ந்து இடுப்பு சமமாகிறதா என்று பார்ப்பது. நம் தெரு ஆசாரியிடம் 5 மி.மீ. கனத்தில் பலகைகள் இழைத்து வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அவற்றை அடுக்கி வீடு கட்டுவாய்.

எக்ஸ்ரே என் தொழில். ஆறடி தூரத்தில் நிறுத்தி, மூன்றடி கேசட்டில் இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே படமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தேன். முட்டிச்சில்லு நேராக முன்னால் பார்க்க வேண்டும். கதிர் விரிந்து போவதால் படத்தில் எலும்பு கொஞ்சம் பெரிதாகத்தான் விழும், அதனால் பக்கத்தில் ஓர் அளவுகோலும் படத்தில் விழும்படி வைப்பேன்.

உனக்கு ஒன்பது வயதானபோது ஒரு தவறு செய்தேன். அன்று கூட்டம் அதிகம், பலகை வைக்காமல் உன்னை நிற்க வைத்துவிட்டேன். படத்தில் வித்தியாசம் 1.5 செ.மீ. வந்தது. ஆறு மாதம் முன்பு 2-ஐ நெருங்கியிருந்தது. குறைந்துவிட்டது என்று உன் அம்மா நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பலகை இல்லாமல் நின்றால் குழந்தைகள் நீளமான காலின் முட்டியை மடக்கிக்கொள்வார்கள். மடங்கிய கால் முன்பக்கப் படத்தில் குட்டையாக விழும். மறுநாள் 2 செ.மீ. பலகை வைத்து, முட்டி இரண்டையும் நிமிர்த்தி மறுபடி எடுத்தேன். 2.1 வந்தது. அம்மாவிடம் அதைச் சொன்ன ராத்திரியை நான் மறக்கவில்லை.

நீளமான வலது காலின் தட்டை ஆபரேஷனில் நிறுத்திவிட்டால், மெதுவாக வளரும் இடது கால் எட்டிப் பிடித்துவிடும். அப்புறம் அதை எப்போது செய்வது என்ற கேள்வி. மெல்போர்னில் மெனலாஸ் என்ற டாக்டர் 1966-இல் எழுதிய எளிய கணக்கு ஒன்று உண்டு. பெண் பிள்ளைகளின் கால் 14 வயதோடும், ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதோடும் வளர்ந்து முடியும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுவது. நாம் முதலில் பார்த்த டாக்டர் அதை வைத்து, பதினொரு வயது முடிந்ததும் செய்யலாம் என்றார். கணக்கு சரிதான். ஆனால் அது, உன் எலும்பின் வயதும் உன் வயதும் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும்.

அதைச் சொல்வது கையின் எக்ஸ்ரே. இடது கையும் மணிக்கட்டும் ஒரு படம். அதை கிரியூலிக், பைல் இருவரும் தொகுத்த படப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உன் கை உன்னைவிட ஒரு வருடம் முன்னால் இருந்தது. அந்தப் புத்தகத்தில் உள்ளவை அமெரிக்காவின் கிளீவ்லண்டு பக்கத்துக் குழந்தைகளின் கைகள். படிப்பவரைப் பொறுத்தும் பல மாதங்கள் முன்பின் ஆகும். அதனால் ஒரு படத்தை நம்பிக் கத்தி எடுக்கக் கூடாது என்று இரண்டாவது டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பதரை வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று என இரண்டு படங்கள் எடுத்தோம். இரண்டிலும் அதே ஒரு வருட இடைவெளி. உனக்குப் பத்து, உன் எலும்புக்குப் பதினொன்று. மிச்சம் இருந்தது நான்கு வருடம் அல்ல, மூன்றுதான்.

அன்று இரவு சமையல்கட்டில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இதுதான். அன்றைக்கு வித்தியாசம் 2.4 செ.மீ. வலது தொடையின் கீழ்த் தட்டை இப்போதே நிறுத்தினால், இடது தட்டு வருடத்துக்கு 7 மி.மீ. வீதம் மூன்று வருடத்தில் 2.1 எட்டிப் பிடிக்கும். மிச்சம் 3 மி.மீ. ஒரு வருடம் காத்திருந்தால் வித்தியாசம் 2.7 ஆகிவிடும், எட்டிப் பிடிக்க இரண்டே வருடம், 1.4-தான் கிடைக்கும். 1.3 செ.மீ. கடைசிவரை நிற்கும். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் 3.3. இன்னொரு பக்கமும் பார்த்தேன். கை எக்ஸ்ரே தவறாகி உன் எலும்புக்கு நிஜமாகவே பத்துதான் என்றால், நான்கு வருடத்தில் இடது கால் 2.8 வளர்ந்து வலதைவிட 4 மி.மீ. நீண்டுவிடும். அது நடக்க இடைஞ்சல் செய்யாத அளவு. எந்தப் பக்கம் தவறினாலும் தாங்கக்கூடியது இப்போதே செய்வதுதான் என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

குட்டைக் காலை நீட்டியிருக்கலாமே என்கிறாய். நீட்டலாம். எலும்பை வெட்டி, வெளியே வளையம் பூட்டி, நாளுக்கு 1 மி.மீ. திருகித் திருகி இழுப்பார்கள். பிறகு எலும்பு கெட்டியாகும் வரை வளையம் இருக்கும். ஒரு செ.மீ.க்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். கம்பி நுழைந்த இடங்களில் சீழ் பிடிக்கும், முட்டி மடங்காமல் இறுகும். ஏற்கெனவே சீழ் பிடித்த முட்டி உன்னுடையது. 5 செ.மீ.க்கு மேல் என்றால் நானே அதற்குச் சரி என்றிருப்பேன்.

வலது முட்டியின் இரு பக்கமும் சின்னக் கீறல் போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே தட்டைத் துளைத்துச் சுரண்டினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாய். பயம் அதற்கப்புறம்தான். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் மூடாமல் விட்டால் முட்டி வளைந்துவிடும். ஆறு மாதத்துப் படத்தில் இரு பக்கமும் எலும்பு ஒட்டியிருப்பதைப் பார்க்கும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

பதினான்கு வயதில் கடைசிப் படம். 4 மி.மீ. அந்த வாரமே கனத்த செருப்பைக் கழற்றிப் போட்டாய்.

ஆனால் நீ கேட்டதில் ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. உன் உயரத்தில் 3 செ.மீ. போனது, அது திரும்பாது. அதைச் செய்வதற்கு முன் உன்னிடம் யாரும் கேட்கவில்லை. பத்து வயதுக் குழந்தைக்கு இது எப்படிப் புரியும் என்று நினைத்துவிட்டேன். இன்று உன் குரலைக் கேட்ட பிறகு, அந்தப் பலகைகளை வைத்தே உனக்குப் புரியவைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

பதினேழு படங்கள் இருக்கின்றன. தேதி வாரியாக அடுக்கி, நாளை கூரியரில் அனுப்புகிறேன். ஒன்பது வயதில் எடுத்த இரண்டையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். வலது முட்டிச்சில்லைக் கவனி.

அன்புடன்,
அப்பா