எஃப்ஓபி விலை எப்படி உருவாகிறது: பித் கட்டி ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாகத் தங்கள் சரக்கை அனுப்பிவைக்கும் கிளியரிங் அலுவலகம் என்ற முறையில், தாங்கள் வெளிநாட்டு வாங்குநருக்கு அனுப்பும் விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் எங்கள் பார்வைக்கும் வருகின்றன. சரக்கு கப்பலேறிய பிறகு எங்கள் பில்லைப் பார்த்து, "இந்தச் செலவை நான் விலையில் சேர்க்கவில்லையே" என்று சிலர் கேட்கும்போது எங்களுக்கும் வருத்தமாகவே இருக்கிறது. ஆகவே பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து 5 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகளை, அதாவது பித் பிளாக்குகளை, 40 அடி ஹைகியூப் கன்டெய்னரில் அனுப்பும் ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, எஃப்ஓபி விலைக்கான, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையுள்ள செலவுகள் மட்டும் அடங்கிய விலைக்கான, அடக்கவிலைத் தாளை முதல் வரி முதல் கடைசி வரி வரை இந்த மடலில் எழுதியிருக்கிறோம். ரூபாய் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. தங்கள் சொந்தச் செலவுகளை அந்தந்த வரியில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்தத் தாளை எழுத நேர்ந்ததற்கு ஒரு நிகழ்ச்சி காரணம். நம் வாடிக்கையாளர் ஒருவர் கட்டிகளைப் பேலட் இல்லாமல் அப்படியே அடுக்கி அனுப்பும் முறையில் கணக்குப் போட்டு, டன்னுக்கு 194 டாலர் என்று விலை சொன்னார். அந்தக் கணக்கில் தவறு இல்லை. பேச்சு முடிகிற நேரத்தில் வாங்குநர், தங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வைத்துத்தான் இறக்க முடியும், ஆகவே சரக்கு பேலட்டில் வர வேண்டும் என்று எழுதினார். நம்மவர் 20 பேலட்டுக்கும் அவற்றைச் சுற்றிக் கட்டும் பொருள்களுக்கும் ஆகும் 30,000 ரூபாயை 25 டன்னால் வகுத்தார். டன்னுக்கு 1,200 ரூபாய், அதாவது சுமார் 14 டாலர் வந்தது. அதைச் சேர்த்து 208 டாலருக்கு ஐந்து கன்டெய்னர் ஒப்பந்தம் செய்துவிட்டார்.

அவர் சொல்லியிருக்க வேண்டிய விலை 217 டாலர். இடையில் விடுபட்ட 9 டாலர் எங்கே போயிற்று என்பதைத் தாள் காட்டும்.

முதலில் கன்டெய்னருக்குள் எவ்வளவு சரக்கு போகிறது என்று பார்ப்போம். பேலட் இல்லாமல் கையால் அடுக்கினால் 5,000 கட்டிகள், அதாவது 25 டன் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேலட்டில் ஏற்றும்போது, 30 சென்டிமீட்டர் சதுரமும் 13 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கட்டியை 120-க்கு 100 பேலட்டில் ஓர் அடுக்குக்கு 12 வீதம் வைக்கலாம். 18 அடுக்குகளும் பேலட்டின் உயரமும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் கதவுக்குள் நுழையாது. ஆகவே ஒரு பேலட்டுக்கு 216 கட்டிகள், 20 பேலட்டுக்கு 4,320 கட்டிகள், எடை 21.6 டன். டிரெய்லர் வாடகையும் துறைமுகக் கட்டணமும் கன்டெய்னருக்கு இவ்வளவு என்றே வருகின்றன. உள்ளே 25 டன் இருந்தாலும் 21.6 டன் இருந்தாலும் அவை மாறுவதில்லை. எனவே தாளை டன் கணக்கில் தொடங்காமல் கன்டெய்னர் கணக்கில் எழுதிவிட்டு, கடைசியில் மட்டும் டன்னால் வகுக்க வேண்டும்.

| வரி | பேலட்டில் (21.6 டன்) ரூ. | பேலட் இன்றி (25 டன்) ரூ. |
|---|---|---|
| உற்பத்திச் செலவு, டன்னுக்கு 11,000 | 2,37,600 | 2,75,000 |
| பேக்கிங், ஏற்றுகூலி | 34,000 | 9,000 |
| டிரெய்லர் வாடகை | 42,000 | 42,000 |
| துறைமுகம், கிளியரிங், சான்றிதழ்கள் | 26,400 | 26,400 |
| 60 நாள் வட்டி, வங்கிக் கட்டணம் | 10,000 | 10,250 |
| மொத்த அடக்கம் | 3,50,000 | 3,62,650 |
| டன்னுக்கு அடக்கம் | 16,204 | 14,506 |
| 12% லாபம் வைத்த விலை, டன்னுக்கு | 18,413 | 16,484 |
| 85 ரூபாய்க்கு மாற்றினால், டாலரில் | 216.6 | 193.9 |

உற்பத்திச் செலவு வரியில் கவனிக்க வேண்டியது ஈரம். நார் மில்லிலிருந்து பித்தை லோடு கணக்கில் ஈரத்தோடு வாங்குகிறீர்கள். கழுவி, களத்தில் உலர்த்தி, சலித்து, அழுத்திய பிறகு காய்ந்த எடையில் விற்கிறீர்கள். ஆகவே "ஒரு லோடு இவ்வளவு ரூபாய்" என்பதிலிருந்து நேராக டன் விலைக்கு வர முடியாது. ஒரு மாதத்தில் வாங்கிய பித், தண்ணீர், கூலி, மின்சாரம், இயந்திரத் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மாதம் அழுத்தி முடித்து எடை போட்ட நல்ல கட்டிகளின் டன்னால் வகுக்க வேண்டும். உடைந்த கட்டிகள் வகுக்கும் எண்ணில் வரக் கூடாது. மழை மாதங்களில் ஒரே களத்தில் உலர்த்த நாள் கூடுகிறது. கூலி அப்படியே இருக்க, டன் குறைகிறது. கோடையில் கண்ட உற்பத்திச் செலவை வைத்து கார்த்திகை மாதச் சரக்குக்கு விலை சொல்ல வேண்டாம்.

கட்டியின் எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கப்பலில் ஏற்றுமுன் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிப்பது 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். அதற்கான எடைச்சீட்டு தங்கள் கையிலேயே இருக்கும். அண்மையில் ஒரு சீட்டில் மொத்தம் 25,170 கிலோ என்று இருந்தது. கன்டெய்னரின் எடை 3,900 கிலோ, பேலட்டுகள் 400 கிலோ. இரண்டையும் கழித்தால் 20,870 கிலோ. 4,320 கட்டிகளால் வகுத்தால் ஒரு கட்டி 4.83 கிலோதான். அழுத்திய அன்று 5 கிலோ இருந்தது கிடங்கில் காய்ந்து குறைந்திருக்கிறது. நிகர எடைக்கே பணம் என்று ஒப்பந்தம் இருந்தால், 0.73 டன்னுக்கு, 217 டாலர் வீதம், 13,000 ரூபாய்க்கு மேல் இன்வாய்ஸில் குறைந்துவிடும்.

பேக்கிங் வரியில் பேலட்டுக்கு 1,100, சுற்றும் பிலிம், பட்டை, மூலை அட்டை, லேபிளுக்கு 400 என்று வைத்திருக்கிறோம். மீதி 4,000 ஏற்றுகூலி. மரப் பேலட் என்றால் பன்னாட்டு விதிப்படி பதப்படுத்தி முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத மலிவு பேலட்டின் விலையைத் தாளில் எழுதாதீர்கள். இறங்கும் துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிடுவார்கள்.

டிரெய்லர் வாடகை போகவர உள்ள தொகை. காலிக் கன்டெய்னர் தூத்துக்குடி யார்டிலிருந்து பொள்ளாச்சிக்கு வந்து, நிரம்பித் திரும்புகிறது. வண்டி வந்து நிற்கும்போது கட்டிகள் பேலட்டில் ஏறித் தயாராக இல்லையென்றால், மறுநாளுக்கு ஹால்டிங் கட்டணம் வரும். அதை ஒவ்வொரு விலையிலும் சேர்க்கச் சொல்ல மாட்டோம்; சரக்கைத் தயாராக வைத்துக்கொண்டு வண்டியைக் கூப்பிடுவதே மலிவான வழி. துறைமுகச் செலவு என்ற வரிசையில் முனையக் கையாளும் கட்டணம், எங்கள் கட்டணம், பில் ஆஃப் லேடிங், சீல், எடைச்சீட்டு, தாவரநலச் சான்றிதழ் ஆகியவை அடங்கும். எஃப்ஓபி தூத்துக்குடி என்று விலை சொன்னால் இவை அனைத்தும் தங்கள் பொறுப்பு. கப்பல் கட்டணம் வாங்குநர் பொறுப்பு.

இப்போது அந்த வாடிக்கையாளரின் கணக்குக்குத் திரும்புவோம். பேலட்டில் அனுப்ப ஒப்புக்கொண்டதும் டிரெய்லரும் துறைமுகமும் சேர்ந்த 68,400 ரூபாய், 25 டன்னில் பங்கிட்டபோது டன்னுக்கு 2,736 ஆக இருந்தது, 21.6 டன்னில் 3,167 ஆகிவிட்டது. வட்டியிலும் சிறிது கூடியது. பேலட் செலவைக்கூட அவர் 21.6-ஆல் வகுத்திருக்க வேண்டும். டன்னுக்கு அடக்கம் 1,698 ரூபாய் உயர்ந்திருக்க, அவர் 1,200 மட்டும் சேர்த்தார். சேர்த்ததற்கும் லாபம் வைக்கவில்லை. 208 டாலருக்கு ஒரு கன்டெய்னரில் அவருக்கு வந்தது 3,81,888 ரூபாய். 217 டாலருக்கு 3,98,412 வந்திருக்கும். கன்டெய்னருக்கு 16,524 வீதம் ஐந்து கன்டெய்னரில் 82,000 ரூபாய்க்கு மேல் குறைந்துபோயிற்று. லாபம் 12 விழுக்காட்டிலிருந்து எட்டே கால் அளவுக்கு இறங்கியது. நஷ்டம் வரவில்லை என்பதால் அவருக்கே இது மூன்றாவது கன்டெய்னர் வரை தெரியவில்லை.

லாபம் வைக்கும் முறையிலும் பலர் தடுமாறுகிறார்கள். 12 விழுக்காடு வேண்டுமென்றால் 3,50,000-ஐ 1.12-ஆல் பெருக்கி 3,92,000 என்று எழுதுவது வழக்கம். அதில் கிடைக்கும் 42,000, விற்ற விலையில் 10.7 விழுக்காடுதான். கமிஷன், தள்ளுபடி எல்லாம் விற்ற விலையின் மேல்தான் கழிக்கப்படும் என்பதால் லாபத்தையும் அதன் மேலேயே கணக்கிடுவது நல்லது: 3,50,000-ஐ 0.88-ஆல் வகுத்தால் 3,97,727.

கடைசியாக, டாலர். செல்பேசித் திரையில் 86 ரூபாய் என்று காட்டுகிறது என்று கொள்வோம். அது வங்கிகள் தமக்குள் பரிமாறும் விலை. தங்கள் கணக்கில் வங்கி வரவு வைப்பது அதைவிடக் குறைவான வாங்கும் விலை, 85.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் வருவதற்கு 60 நாள் இருக்கிறது என்பதால் நாங்கள் 85-ல் கணக்குப் போட்டிருக்கிறோம். ஒரு கன்டெய்னரின் மதிப்பு, டன் 217 டாலர் வீதம், 4,687 டாலர். அதாவது டாலரின் விலை ஒரு ரூபாய் இறங்கினால் லாபத்தில் சுமார் 4,700 ரூபாய் குறைகிறது. டாலர் 81-க்கு இறங்கினால் 12 விழுக்காடு எட்டுக்கும் கீழே போய்விடும். 3,50,000-ஐ 4,687-ஆல் வகுத்தால் 74.67 வருகிறது, அந்த விலையில்தான் லாபம் முழுவதும் தீரும். இந்த எண்ணைத் தாளின் அடியில் எழுதி வைத்திருந்தால், எத்தனை மாத ஒப்பந்தம் வரை துணிந்து விலை சொல்லலாம், எதற்கு வங்கியில் பிறகு வரும் டாலரின் விலையை இப்போதே உறுதிசெய்யும் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம்.

ஜிஎஸ்டி திரும்பப் பெறுபவர்கள் உற்பத்திச் செலவை அந்த வரித் தொகையை நீக்கி எழுதுங்கள். ஆனால் அந்தப் பணம் திரும்பும் வரை முடங்கியிருப்பதற்கும் வட்டி உண்டு. ஏற்றுமதிப் பொருளின் மேல் விழுந்த வரிகளைத் திருப்பித் தருவதற்காக 2021 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ரோடெப் சலுகையை விலையிலிருந்து கழிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதன் விகிதம் அரசாணையால் மாறக்கூடியது. ஒப்பந்த விலை அப்படி மாறாது.

புதிய ஆர்டருக்கு விலை சொல்லுமுன், பேலட் உண்டா இல்லையா என்பதை முதல் கடிதத்திலேயே வாங்குநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கள் தாளை எங்களுக்கு அனுப்பினால், டிரெய்லர், துறைமுகச் செலவுகளின் இடத்தில் அன்றைய கட்டணத்தை நிரப்பி அன்று மாலைக்குள் திருப்பி அனுப்புகிறோம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
கிளியரிங் பிரிவு,
தூத்துக்குடி.