எஃப்.டி.யை உடைக்கும் முன் இதைப் படி

அம்மு,

நேற்று போனில் எஃப்.டி.யை உடைக்கப் போகிறேன், ஒரு சதவீதம்தானே அபராதம் என்றாய். இரு, அவசரப்படாதே. போன மாதம் நான் உடைத்த கதையை உனக்குச் சொல்லவே இல்லை.

மொட்டைமாடி ஒழுகியதே, அதற்காகத்தான். மூன்று வருடத்துக்கு 7 சதவீதத்தில் போட்ட ஐந்து லட்சம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 8,750 ரூபாய் என் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. பதினைந்து மாதத்தில் முடித்தேன். கைக்கு வந்தது 4,90,625. அசலிலேயே கை வைத்துவிட்டார்களே என்று கவுண்டரில் சத்தம் போட்டேன். அந்தப் பையன் பாவம், பொறுமையாக ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

நான் நினைத்தது 7-ல் ஒன்று போக 6. அவர்கள் கணக்கு வேறு. பணம் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாளுக்கு, நான் போட்ட தேதியில் என்ன வட்டி இருந்தது என்று முதலில் பார்க்கிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு அன்றைக்கு 6.5. அதில்தான் ஒரு சதவீதம் கழிக்கிறார்கள், ஆக 5.5. அந்தக் கணக்கில் ஒரு காலாண்டுக்கு 6,875 ரூபாய், ஐந்து காலாண்டுக்கு 34,375. ஆனால் நான் ஏற்கெனவே 43,750 வாங்கித் தின்றுவிட்டேன். கூடுதலாக வாங்கிய 9,375-ஐ அசலில் பிடித்துக்கொண்டார்கள். உன்னுடையதில் வட்டி அசலோடு சேர்கிறது, அதனால் அசல் குறைந்த மாதிரி தெரியாது, ஆனால் அடி அதே அடிதான்.

இதற்கு மேல் வரி. நீ 20 சதவீத வரம்பில் இருக்கிறாய் என்றால் அந்த 5.5-ல் உன் கையில் நிற்பது சுமார் 4.4. சேமிப்புக் கணக்கைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

உனக்கு வேண்டியது இரண்டு லட்சம், அதுவும் நாலு மாதத்துக்கு, போனஸ் வந்ததும் திருப்பிவிடலாம் என்றாய். அப்படியானால் எஃப்.டி. மேல் கடன் கேட்டுப் பார். பெரும்பாலும் டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் அதிகம். உன்னுடையது 7 என்றால், கடன் 8 என்று வைத்துக்கொள், நாலு மாதத்துக்கு 5,333 ரூபாய் வட்டி. ஆனால் அந்த இரண்டு லட்சத்துக்கு டெபாசிட்டில் 4,667 வந்துகொண்டே இருக்கும். உண்மையில் உனக்குச் செலவு எழுநூறு ரூபாய்கூட இல்லை. பணம் வருடக்கணக்கில் திரும்பாது என்றால் மட்டும் உடை, அப்போது கடன் வட்டி ஏறிக்கொண்டே போகும்.

எதற்கும் ஆப்பில் முன்கூட்டியே முடிக்கும் பக்கத்துக்குப் போய்ப் பார், பல வங்கிகளில் உறுதி செய்யும் முன்பே கிடைக்கும் தொகையைக் காட்டிவிடும். அந்த எண்ணை எனக்கு அனுப்பு, ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன். மாடி இப்போது ஒழுகவில்லை, அம்மா சொல்லச் சொன்னாள்.

அப்பா