எங்கள் ஜிஎன்எம் படிப்பை ஏற்பது நீங்களா, அரசா?

தமிழ்நாட்டிலிருந்து நர்ஸ்களை வேலைக்கு எடுக்கும் ஜெர்மன் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஜிஎன்எம் என்னும் மூன்றாண்டு நர்ஸிங் டிப்ளமா படித்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவு செய்து, அறுவை சிகிச்சை ஐசியூவில் வேலை பார்க்கும் நர்ஸ். ஜெர்மன் மொழியில் பி2 தேர்ச்சி பெற்றிருக்கிறேன். உங்களில் ஒரு நிர்வாகம் அனுப்பிய வேலைக் கடிதத்தில், "உங்கள் கல்வித் தகுதி எங்களால் ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. என்னோடு படித்தவர்களுக்கும் இதே வரி வந்திருப்பதால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் கேட்கிறேன்.

உங்கள் நாட்டுச் சட்டப்படி நர்ஸ் படிப்பை ஏற்கும் அதிகாரம் மருத்துவமனைக்குக் கிடையாது. நாங்கள் வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் அரசு அலுவலகம்தான் அதைச் செய்ய வேண்டும். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா என்றால் விண்ணப்பம் மூன்ஸ்டர் நகரில் உள்ள அலுவலகத்துக்குப் போகும். வேறு மாநிலம் என்றால் வேறு அலுவலகம். ஆகவே முதல் கேள்வி: என் விண்ணப்பம் எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது? ரசீதும் கோப்பு எண்ணும் எனக்குக் கிடைக்குமா? இவை இல்லையென்றால், நீங்கள் ஏற்றிருப்பது என்னை வேலைக்கு எடுப்பதை மட்டும்தான் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

விண்ணப்பம் போனபின் அந்த அலுவலகம் எங்கள் பாடநேரங்களை உங்கள் பயிற்சியோடு ஒப்பிடும். 2020இல் நடைமுறைக்கு வந்த உங்கள் சட்டப்படி மூன்றாண்டுப் பயிற்சியில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் வார்டு வேலை. அதில் முதியோர் இல்லத்திலும் நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பணியிலும் தனித்தனியாகப் பயிற்சி உண்டு. எங்கள் படிப்பில் பிரசவமும் சமூக நலப் பணியும் நிறைய இருக்கும்; முதியோர் இல்லத்தில் வேலை செய்த மணி நேரத்தைக் காட்டச் சொன்னால் கை விரிக்க வேண்டியதுதான். அதனால் இங்கிருந்து போகும் பலருக்கு முழு அங்கீகாரம் கிடைக்காமல், எது எது குறைகிறது என்று பட்டியலிட்ட கடிதம் வருகிறது. நாங்கள் அதை டெஃபிசிட் லெட்டர் என்போம்.

அந்தக் குறையை வேலை அனுபவத்தைக் காட்டியும் குறைக்கலாம். ஆனால் அனுபவச் சான்றிதழ் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என் தோழி ஒருத்தி முதியோர் வார்டில் நெடுநாள் வேலை பார்த்தவள். முதலில் அவள் வாங்கிய சான்றிதழில் "ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அதை வைத்து அந்த வார்டு அனுபவத்தைக் கணக்கில் எடுக்க வழியே இல்லை. அப்புறம் எந்த வார்டு, எந்தத் தேதி முதல் எதுவரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று விரிவாக எழுதி வாங்கி அனுப்பினாள். அவள் பட்டியல் சுருங்கியது. இந்த ஒரு விவரத்தை ஆள் எடுக்கும்போதே நீங்கள் சொல்லலாமே? இங்கே பழைய மருத்துவமனையை விட்டுக் கிளம்பியபின் இப்படியொரு சான்றிதழை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

குறை இருந்தால் இரண்டு வழி: அந்தப் பகுதிகளில் மட்டும் பயிற்சி எடுப்பது, அல்லது வாய்மொழியும் செய்முறையும் கொண்ட தேர்வு எழுதுவது. இதில் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுடையது. உங்கள் ஒப்பந்தத்திலோ தேர்வு மட்டும்தான் இருக்கிறது. பயிற்சிக்கு உங்களிடம் இடம் இல்லையா, வேறு காரணமா? தேர்வில் தவறினால் ஒரு முறைதான் திரும்ப எழுத முடியும் என்பதால் இதை லேசாக விட முடியவில்லை.

அடுத்தது சம்பளம். அங்கீகாரம் வரும்வரை நாங்கள் உதவியாளர் நிலையில்தான் வேலை செய்வோம். நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று மதிப்பிட்டுத் திட்டம் போடுவது போன்ற பணிகளை உங்கள் சட்டம் அங்கீகாரம் பெற்ற நர்ஸுக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. சரி, அதில் எனக்கு வருத்தமில்லை. குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது எல்லாம் அங்கே நர்ஸின் வேலைதான் என்பதும் தெரியும். ஆனால் கடிதத்தில் போட்டிருக்கும் சம்பளம் எந்த நிலைக்கானது? உதவியாளர் சம்பளமும் நர்ஸ் சம்பளமும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அங்கீகாரச் சான்றிதழ் கிடைத்த நாளிலிருந்தே இரண்டாவது தொகை கிடைக்குமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இடையில் வேலையை விட்டால் மொழிப் பயிற்சிச் செலவையும் விமானச் செலவையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. இரண்டாம் முறையும் தேர்வில் தவறி, அதனால் விசா முடிந்து ஊர் திரும்ப வேண்டி வந்தால், அதுவும் நானாக வேலையை விட்டதாகக் கணக்காகுமா?

இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அதுவரை இங்குள்ள வேலையை ராஜினாமா செய்யப்போவதில்லை.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு நர்ஸ்