வரியும் கோட்டாவும் ஒன்றல்ல, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருப்பு இறக்குமதி பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். ‘சுங்க வரி போட்டுத் தடுத்தாலும் சரி, கோட்டா வைத்துத் தடுத்தாலும் சரி, விவசாயிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றுதான்’ என்று ஒரு வரி. எழுதியவர் அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. தாராவிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து உளுந்தும் துவரையும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. நீங்கள் விஷயம் தெரிந்தவர், வர்த்தகப் பக்கமே தனியாக நடத்துகிறீர்கள். உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்தும் அச்சில் ஏற விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

உளுந்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு வெளியிலிருந்து வரும் உளுந்தில் பெரும்பங்கு பர்மாச் சரக்கு. கணக்கு எளிதாக இருக்க, நவசேவா துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை கிலோ 50 ரூபாய் என்று வைப்போம். அரசு 40 சதவீதம் சுங்க வரி போட்டால் 20 ரூபாய் ஏறி, சரக்கு 70 ரூபாய்க்குச் சந்தைக்கு வரும். உள்ளூர் உளுந்தும் அந்த விலையை ஒட்டியே விற்கும். மத்தியப் பிரதேசத்து விவசாயிக்கு 20 ரூபாய் கூடுதல். இட்லி மாவு அரைக்கிறவருக்கு 20 ரூபாய் கூடுதல் செலவு. இதுவரை தலையங்கம் சொல்வது சரி.

இப்போது வரியை எடுத்துவிட்டு, வருஷத்துக்கு 1.5 லட்சம் டன்தான் வரலாம் என்று கோட்டா போடுங்கள். சரக்கு குறைந்ததால் விலை அதே 70 ரூபாய்க்கு ஏறுகிறது என்று வையுங்கள். விவசாயிக்கு அதே 70. மாவு அரைக்கிறவருக்கும் அதே 70. ஆனால் வெளியே 50 ரூபாய்க்கு வாங்கி உள்ளே 70 ரூபாய்க்கு விற்கிற அந்த 20 ரூபாய் யார் கைக்குப் போகிறது? வரி என்றால் அது கஜானாவுக்குப் போயிருக்கும். கோட்டா என்றால், லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பைக்குப் போகிறது. 1.5 லட்சம் டன் என்பது 15 கோடி கிலோ. கிலோவுக்கு 20 ரூபாய் என்றால் 300 கோடி ரூபாய். தின்கிறவர் கொடுத்த பணம், விளைவித்தவருக்கும் போகாமல், அரசுக்கும் போகாமல், ஒரு காகிதம் வைத்திருப்பவருக்குப் போகிறது. இதையா ‘ஒன்றுதான்’ என்று எழுதுவது?

விலைகள் நான் கணக்குக்காக வைத்தவை. ஆனால் 1.5 லட்சம் டன் நானாகச் சொன்னதல்ல. 2017 ஆகஸ்டில்தான் துவரைக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று வருஷ வரம்பு வந்தது. பிறகு 2019-20க்கு உளுந்துக்கு மட்டும் 1.5 லட்சம். இறக்குமதி செய்கிற உரிமை பருப்பு மில் வைத்திருப்பவர்களுக்கே என்றார்கள். எங்கள் உறவினர் ஒருவர் சின்ன மில் வைத்திருக்கிறார். அவரும் விண்ணப்பித்தார். பங்கு பிரித்துக் கொடுத்தபோது அவருக்கு வந்த அளவை வைத்துக்கொண்டு பர்மாக்காரனிடம் பேரம் பேசவே முடியவில்லை. ஒரு கண்டெய்னரில் 24 டன் போல ஏறும். சில கண்டெய்னர் கேட்கிறவனுக்கு யாங்கூனில் என்ன மரியாதை? பருப்பு உடைக்கும் இயந்திரமே ஓடாத மில்களின் பெயரிலும் விண்ணப்பங்கள் போனதாகச் சந்தையில் பேச்சு. பேச்சுதான், நான் யாரையும் காட்டிக் கொடுக்க வரவில்லை. ஆனால் லைசென்ஸுக்கே 20 ரூபாய் லாபம் இருக்கும்போது, அதற்காக ஆட்கள் அலைவது இயல்புதானே.

இது புதிதும் அல்ல. மசூதி பந்தரில் அப்பா வேலை பார்த்த நாட்களில் இறக்குமதி லைசென்ஸே ஒரு சரக்கு மாதிரி கை மாறும். ‘இன்றைக்குப் பிரீமியம் என்ன?’ என்று கேட்பார்கள். பண்டத்தின் விலை அப்புறம்தான். ஆன் குரூகர் என்ற பொருளியல் அறிஞர் 1974-இல் எழுதிய கட்டுரையில் இந்தியாவையும் துருக்கியையும் உதாரணமாக எடுத்தார். 1964-இல் இப்படிப்பட்ட லைசென்ஸ், அனுமதி வகைகளால் உண்டான லாபம் நம் தேசிய வருமானத்தில் சுமார் 7.3 சதவீதம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். அந்த லாபத்தைப் பிடிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைகிற நேரமும், அதற்காகவே மில்லைப் பெரிதாக்கிக் காட்டுகிற செலவும் நாட்டுக்கு நஷ்டம் என்பது அவர் வாதம். அமெரிக்கா நம் மீது உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டு, 1999-இல் நாம் தோற்று, 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி கடைசி 715 பொருள்களின் மேலிருந்த அளவுக் கட்டுப்பாட்டையும் எடுத்தோம். அன்றைக்கு உங்கள் பத்திரிகை எழுதியதை நான் வைத்திருக்கிறேன். ‘லைசென்ஸ் ராஜ்யம் முடிந்தது’ என்றீர்கள். அதே பத்திரிகைக்கு இப்போது இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

விளைச்சல் நன்றாக இருக்கிற வருஷத்தில் வித்தியாசம் பணம் யார் பைக்குப் போகிறது என்பதோடு நிற்கும். கெட்ட வருஷத்தில்தான் கோட்டாவின் முழு முகம் தெரியும். 2019-இல் அறுவடை நேரத்தில் மழை கொட்டி மத்தியப் பிரதேசத்தில் உளுந்து நாசமானது. வரி முறை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பர்மா விலை 50-லேயே நின்றால், உள்ளே விலை 70-ஐத் தாண்டியதும் வியாபாரிகள் கூடுதலாகச் சரக்கு இறக்குவார்கள். 70 ஒரு கூரை மாதிரி நிற்கும். பர்மா விலை ஏறினாலும் அந்த ஏற்றம் மட்டுந்தான் நமக்கு. கோட்டா இருந்ததால் எவ்வளவு விலை ஏறினாலும் ஒரு மூட்டை கூடுதலாக வராது, அரசு மறுபடி அறிவித்தால்தான் வரும். டிசம்பரில்தான் வரம்பை 4 லட்சம் டன்னாக உயர்த்தினார்கள். அதுவரை ஏறிய விலையை யார் அனுபவித்தார்கள்? வயலில் உளுந்து அழுகிப்போன விவசாயியிடம் விற்கச் சரக்கே இல்லை. ஏற்கெனவே கோட்டாச் சரக்கை இறக்கி வைத்தவருக்கும், கிடங்கில் இருப்பு வைத்தவருக்கும்தான் ஆதாயம். நம் நாடு இவ்வளவு வாங்கப்போகிறது, இந்தத் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டால், விற்கிறவன் விலையை ஏற்றாமல் இருப்பானா? அந்த 20 ரூபாயில் ஒரு பங்கு அப்போது கடல் தாண்டியே போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கடைக்கு வந்த இட்லிக்காரப் பெண்களின் முகம் உங்கள் தலையங்க எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாராவியில் விடியற்காலையில் ஆவி பறக்க இட்லி அவித்து, சைக்கிளிலும் தலைச்சுமையிலும் ஊர் முழுக்க அனுப்புகிற குடும்பங்கள் அவை. உளுந்தை ஒரு கை அள்ளி, நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். ‘அண்ணாச்சி, இது பழசு, மாவு காணாது’ என்பார்கள். உண்மைதான். பழைய உளுந்து ஊறினாலும் பொங்கி வராது. வழக்கமான அளவு அரிசி போட்டு அரைத்தால் இட்லி கல்லாகிவிடும். விலையும் ஏறியது, மாவும் காணவில்லை. இட்லி விலையை மட்டும் அவர்களால் ஏற்ற முடியாது, ஏற்றினால் பக்கத்து வண்டிக்கு வாடிக்கை போய்விடும்.

அந்தச் சமயத்தில் உங்கள் முதல் பக்கம் யாரைத் திட்டியது தெரியுமா? ‘பதுக்கல் வியாபாரிகள்’ என்று எங்களை. 2021-இல் சில்லறைக் கடைக்காரர் 5 டன்னுக்கு மேல் வைக்கக் கூடாது என்று இருப்பு வரம்பு வந்தபோதும் கடைக்குள் நுழைந்து மூட்டை எண்ணினார்கள். குத்தூசியால் குத்திப் பார்த்து, இதில் என்ன, அதில் என்ன என்று கேள்வி. கோட்டா யாருக்குப் போனது, அவர் எந்த விலைக்கு இறக்கி எந்த விலைக்கு விற்றார் என்று யாரும் எண்ணவில்லை. நீங்களும் கேட்கவில்லை. நான் எழுதிய கடிதமும் வெளியாகவில்லை.

கோட்டாவுக்காக விவசாயச் சங்கத்தார் சொல்கிற வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். பர்மாவில் விலை 50-லிருந்து 30-க்குச் சரிந்தால் 40 சதவீத வரியில் சரக்கு 42-க்கு வந்துவிடும், நம் விவசாயி மூழ்கிவிடுவார். கோட்டா இருந்தால் விலை என்ன ஆனாலும் 1.5 லட்சம் டன்னுக்கு மேல் வராது. நியாயம். ஆனால் அதற்கு வரியை உயர்த்தலாமே. கொண்டைக்கடலைக்கு அதைத்தான் செய்தார்கள். 2017 டிசம்பரில் 30 சதவீதம், 2018 பிப்ரவரியில் 40, மார்ச்சில் 60. மூன்று அறிவிப்பு. ஒரே அரசு, ஒரே சமயம். கடலையில் வந்த வரி கஜானாவில் விழுந்தது. உளுந்தில் விழவில்லை. கோட்டாதான் வேண்டும் என்றால் லைசென்ஸை ஏலம் விடலாம். நியூசிலாந்து 1980-களில் அப்படித்தான் செய்தது. அந்த 20 ரூபாய்க்கு இணையான தொகையை ஏலம் எடுப்பவர் அரசுக்குக் கட்டியே சரக்கு இறக்குவார். அப்போது உங்கள் ‘ஒன்றுதான்’ ஓரளவு உண்மைக்கு அருகில் வரும்.

கோட்டாவால் வந்த இன்னொரு கூத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிலர் உயர் நீதிமன்றங்களில் இடைக்கால உத்தரவு வாங்கி, வரம்புக்கு மேல் பட்டாணியும் பருப்பும் இறக்கினார்கள். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அரசின் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தவன் சரக்கு இறக்கினான், இல்லாதவன் பார்த்துக்கொண்டிருந்தான். வரி என்றால் எல்லோரும் ஒரே விகிதத்தில் கட்டி இறக்கலாம், கோர்ட்டுக்குப் போக வேலையே இல்லை. 2021 மே மாதம் துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றுக்கும் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. விலை சரிந்தால் மறுபடி கோட்டா கேட்பார்கள். அதற்கு உங்கள் தலையங்கத்தையே வெட்டி மனுவோடு இணைப்பார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. வர்த்தகப் பக்கத்தில் வாசி மார்க்கெட் பருப்பு விலையை வாராவாரம் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் போடுங்கள். ஒன்று, பர்மா உளுந்தும், அங்கிருந்து வரும் லெமன் ரகத் துவரையும் மும்பைத் துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை. இன்னொன்று, அன்றைக்கு அதன் மேல் உள்ள சுங்க வரி. கோட்டா வந்தால் வரி இடத்தில் ‘கோட்டா’ என்று போட்டுவிடுங்கள். இடம் இல்லையென்றால், எந்த விளம்பரத்தையும் நீக்கச் சொல்லவில்லை, சினிமாத் துணுக்கில் ஒன்றைக் குறைத்தால் போதும். தலையங்கத்துக்குத் திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
தாராவி, மும்பை