2024–25 ஆண்டறிக்கை: முடிந்ததாக எழுதியும் திரும்பி வந்த புகார்கள்

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகக் கொடுத்திருக்கிறார், பொங்கல் விழா பற்றியும் புது உறுப்பினர்கள் பற்றியும் கடைசியில் இரண்டு வரி இருக்கிறது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நான் ஒரே விஷயத்துக்குத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். போன வருடம் இதே கூட்டத்தில் "வந்த புகார்கள் அனைத்தும் முடிக்கப்பட்டன" என்று வாசித்தேன், நீங்களும் கை தட்டினீர்கள். அந்த வாக்கியம் தவறு. புகார் நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நேராக "முடிந்தது" என்று எழுதி கையெழுத்து இருந்தது உண்மை. ஆனால் அதில் பல புகார்கள் வேறு எண்ணில், வேறு தேதியில், சில சமயம் வேறு வீட்டுக்காரர் பெயரில் திரும்ப வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் புது எண் போட்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

மோட்டார் விஷயத்தில்தான் இது எங்களுக்குப் புரிந்தது. கோடையில் ஒரு தடவையும் ஆகஸ்டில் ஒரு தடவையும் நாள்கணக்கில் லாரித் தண்ணீரில் குளித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அதனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும் 5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் அது. ஏப்ரலில் ஒரு காலை தொட்டியில் தண்ணீர் இல்லை என்று புகார் வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார், ஸ்டார்ட்டரில், கரண்ட் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே விழுந்திருந்தது, ரீசெட் பட்டனை அழுத்தினார், மோட்டார் ஓடியது, முடிந்தது என்று எழுதிவிட்டுப் போனார். மே மாதம் மறுபடி நின்றது. இந்தத் தடவை நிறுத்தியது, ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக வைத்திருக்கும் பிரிவென்டர். "இது சும்மா சும்மா கட் பண்ணுது சார்" என்று அதை பைபாஸ் செய்தார்கள், மோட்டார் ஓடியது, முடிந்தது. மே கடைசியில் ஓவர்லோடு ரிலே திரும்பத் திரும்ப விழ ஆரம்பித்தது. மோட்டார் பெயர்ப்பலகையில் 7.5 ஆம்ப்ஸ் என்று இருக்கிறது, ரிலேயும் அதிலேயே இருந்தது. அதன் டயலைப் பத்துக்குத் திருப்பி வைத்தார்கள், மோட்டார் ஓடியது, அதுவும் முடிந்தது. ஜூனில் காயில் எரிந்தது. காயில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினோம், முடிந்தது. ஒன்பதே வாரத்தில், ஆகஸ்டில், மறுபடியும் எரிந்தது.

நோட்டில் ஐந்து எண்கள், ஐந்தும் "முடிந்தது". காயில் கட்டிய இரண்டு தடவையைத் தவிர மற்றதெல்லாம் அன்றைக்கே முடிந்தது என்று பெருமையாக வேறு இருக்கிறது. அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் விபரீதம் தெரிகிறது. ரிலே விழுந்ததும் பிரிவென்டர் நிறுத்தியதும் பழுது அல்ல, எங்கோ இருந்த ஒரு பழுதை அவை சொன்ன விதம். நாம் பழுதைத் தேடாமல், சொன்னதை வாயடைத்தோம். மே மாதம் இரண்டு புகார்களை முடித்த விதம்தான் ஜூன் மாதப் புகாரை உண்டாக்கியது. எலக்ட்ரீஷியனை மட்டும் குறை சொல்ல மாட்டேன், "எப்படியாவது இப்போ தண்ணி ஏத்துங்க" என்று பக்கத்தில் நின்று நெருக்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆகஸ்டில் புது மோட்டாரே வாங்கிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. வாங்கியிருந்தால் அதுவும் எரிந்திருக்கும். காயில் கட்டும் கடைக்கு இந்தத் தடவை ஆளை மட்டும் அனுப்பாமல் நானும் துணைத் தலைவரும் நேரில் போனோம். கடைக்காரர் மோட்டாரைப் பிரித்துக் காட்டினார். மூன்று ஃபேஸுக்கான சுருள்களில் ஒரு ஃபேஸுடையது மட்டும் கரிக்கட்டையாக இருந்தது, மற்ற இரண்டும் வார்னிஷ் நிறம் மாறாமல் இருந்தன. சுமை தாங்காமல் எரிந்தால் மூன்றும் ஒரே மாதிரி கறுத்திருக்கும், டெல்டா இணைப்பில் இருக்கும் மோட்டாரில் இப்படி ஒன்று மட்டும் எரிந்தால் ஒரு ஃபேஸ் சரியாக வரவில்லை என்று அர்த்தம் என்றார். அப்புறம் அவர் சொன்னதுதான் மனசில் தைத்தது: ஜூனிலும் இப்படியேதான் எரிந்திருந்ததாம், யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பழைய செம்பைக் கடையிலேயே எடை போட்டுவிட்டு வந்தது நாம்தான்.

காயில் கட்டி மாட்டியதும் வேறொரு மூத்த எலக்ட்ரீஷியனை வரவழைத்து டாங் டெஸ்டரில் மூன்று ஒயரிலும் போகும் கரண்டை அளக்கச் சொன்னோம். ஆர் ஃபேஸில் 8.3, பி ஃபேஸில் 8.2, ஒய் ஃபேஸில் 5.9 ஆம்ப்ஸ். ஓரளவு சமமாக இருக்க வேண்டிய மூன்றில் ஒன்று இவ்வளவு குறைகிறது. குறை மோட்டாரிலா, வருகிற கரண்டிலா? இதைக் கண்டுபிடிக்க அவர் செய்த காரியம் ரொம்ப எளிமையானது, எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஆளுக்கு ஒரு இடம் நகர்த்தி மாட்டினார். மூன்றையும் ஒரே பக்கமாக நகர்த்தினால் மோட்டார் சுற்றும் திசை மாறாது. மறுபடி அளந்தார். குறைந்த அளவு மோட்டாரின் அதே முனையோடு நின்றிருந்தால் குறை மோட்டாருக்குள்ளே. ஆனால் அது ஒய் ஃபேஸோடுதான் இருந்தது, இப்போது மோட்டாரின் வேறு முனையில். ஆக மோட்டார் குற்றமற்றது.

அங்கிருந்து பின்னோக்கிப் போனார். மோட்டார் ரூம் மெயின் ஸ்விட்சுக்குள் வரும் பக்கம் மூன்று ஃபேஸும் ஒரே வோல்டேஜ். வெளியே போகும் பக்கம், மோட்டார் ஓடும்போது, ஒய் மட்டும் குறைகிறது. ஒய் ஃபேஸ் ஃபியூஸின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்தார். நல்ல இணைப்பாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அங்கே 12 வோல்ட் காட்டியது. ஃபியூஸைத் தாங்கும் கேரியரை உருவிப் பார்த்தால் பித்தளைக் கவ்வி கரிந்து, பீங்கான் கறுத்திருந்தது. பன்னிரண்டு வோல்ட் அற்பமாகத் தோன்றும், ஆனால் மூன்று ஃபேஸ் மோட்டாரில் வோல்டேஜில் வரும் சின்ன ஏற்றத்தாழ்வு கரண்டில் பல மடங்கு பெரிதாகத் தெரியும். சில நேரம் அந்தக் கவ்வி அடியோடு தொடர்பு விட்டிருக்கிறது, அப்போதுதான் பிரிவென்டர் வேலை செய்திருக்கிறது.

சரி, கேரியரை மாற்றினால் முடிந்ததா என்று கேட்டேன். மாற்றினால் ஒரு வருடம் ஓடும், அப்புறம் இதே இடத்தில் கரியும் என்றார் அவர். அந்த ஸ்விட்சுக்கு அலுமினிய கேபிளின் நுனியில் அழுத்திப் பொருத்த வேண்டிய லக் போடாமல், ஒயரை அப்படியே பித்தளை முனையில் வைத்துத் திருகியிருந்தார்கள். அலுமினியம் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிப் பிடி தளரும், மேலே ஆக்சைடும் படியும். பிடி தளர்ந்தால் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு. அந்தச் சூடுதான் பக்கத்திலிருந்த கவ்வியின் விறைப்பையும் கெடுத்திருக்கிறது. எனவே ஸ்விட்சை மாற்றி, அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரை செம்புக் கேபிள் இழுத்து, வரும் அலுமினியக் கேபிளுக்கு இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் லக் அழுத்திப் பொருத்தினோம். பிரிவென்டர் திரும்ப இணைக்கப்பட்டது, ரிலே 7.5-க்குத் திரும்பியது. மூன்று ஃபேஸும் இப்போது ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவே நிற்கின்றன. மொத்தச் செலவு ஒரு தடவை காயில் கட்டிய கூலியைவிடக் குறைவு.

இந்தப் புகாரை அன்றைக்கே மூடவில்லை. போன தடவை ஒன்பது வாரம் நன்றாக ஓடிவிட்டுத்தான் எரிந்தது, அதனால் ஒன்பது வாரத்துக்குள் "சரியாகிவிட்டது" என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. நான்கு மாதம் என்று வைத்து, வாரா வாரம் மூன்று அளவையும் மோட்டார் ரூமில் தொங்கும் நோட்டில் குறித்தோம், டிசம்பர் கடைசியில் மூடினோம்.

இடையில் நவம்பரில் தொட்டி மறுபடி காலியாகி, "பழைய கதைதான்" என்று எல்லோரும் பதறினோம். அளந்தால் மூன்று ஃபேஸிலும் நான்கு ஆம்ப்ஸ், மூன்றும் சமம். ஏற்றத்தாழ்வு இல்லை, சுமைதான் இல்லை, அதாவது மோட்டார் தண்ணீர் இழுக்காமல் சும்மா சுற்றுகிறது. ஃபுட் வால்வில் குப்பை சிக்கித் தண்ணீர் இறங்கிப் போயிருந்தது. இது புதுப் புகார், பழையது திரும்பியதல்ல. நோட்டில் அளவு இல்லாமல் இருந்திருந்தால் நல்ல ஸ்விட்சை மறுபடி பிரித்துப் போட்டிருப்போம்.

பி பிளாக் மேல்தள வீட்டு ஓதமும் இதே வகைதான். மூன்று வருடமாக மார்ச்சில் மொட்டைமாடிக்குப் பூச்சு அடித்து மூடுகிறோம், ஐப்பசி மழையில் சுவர் மறுபடி நனைகிறது. மார்ச்சில் எதைச் செய்தாலும் ஏப்ரலில் காய்ந்துதானே இருக்கும்! இந்தத் தடவை செப்டம்பரில், மழை விட்டிருந்த நாட்களாகப் பார்த்து, மழைநீர்க் குழாய் வாயை அடைத்து மாடியில் இரண்டு அங்குலம் தண்ணீரை இரண்டு நாள் நிறுத்தினோம். கீழே ஒரு சொட்டு இல்லை. அடைப்பை எடுத்துத் தண்ணீரைக் குழாயில் விட்ட சில மணி நேரத்தில் சுவர் நனைந்தது. தளம் ஒழுகவே இல்லை, சுவரை ஒட்டி இறங்கும் குழாயின் இணைப்புதான் ஒழுகியது. இணைப்பை மாற்றினோம், வடகிழக்குப் பருவமழை முழுவதும் பார்த்துவிட்டு ஜனவரியில் அந்த வீட்டம்மா கையெழுத்துப் போட்ட பிறகே மூடினோம்.

நோட்டில் செய்த மாற்றங்கள் மூன்றுதான். திரும்பி வரும் புகாருக்குப் புது எண் கிடையாது, பழைய எண்ணோடு கோடு போட்டு 1, 2 என்று சேரும். மூடும் கையெழுத்தை வேலை செய்தவர் போடக்கூடாது, புகார் கொடுத்தவர் போட வேண்டும். இரண்டாவது தடவை வந்தால் "ஏன் வந்தது" என்ற கட்டம் நிரம்பாமல் மூடக்கூடாது, அதில் "ரீசெட் செய்தோம்" என்று எழுதினால் ஏற்க மாட்டோம். பாதுகாப்புக் கருவி எதையும் தலைவரோ செயலாளரோ எழுத்தில் சொல்லாமல் பைபாஸ் செய்யக்கூடாது என்று ஸ்டார்ட்டர் பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் இப்படித் தோண்ட வேண்டியதில்லை, படிக்கட்டு பல்பு ஃபியூஸ் போனால் மாற்றிவிட்டுப் போகலாம். ஒரே படிக்கட்டில் மாதம் ஒன்று போனால் மட்டும் அந்த ஹோல்டரைப் பார்ப்போம்.

பொங்கல் விழா நன்றாக நடந்தது, கோலப் போட்டிக்கு உழைத்த மகளிர் குழுவுக்கு நன்றி. இந்த வருடம் நான்கு புதுக் குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன.

மூடாமல் இருப்பது ஒன்று: ஏ பிளாக் லிஃப்ட் கதவு இரண்டாம் தளத்தில் மூடப் போய்த் திரும்பத் திறந்துகொள்வது. பராமரிப்பு நிறுவனம் சென்சாரை இரண்டு தடவை மாற்றியும் எண் 31/3 வரை வந்துவிட்டது. மற்ற தளங்களில் இல்லாமல் இரண்டில் மட்டும் வருவதால், கதவோடு எல்லாத் தளத்துக்கும் போகிற சென்சாரை நான் சந்தேகப்படவில்லை, அந்தத் தளத்தின் வாசற்படித் தடத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் ஆள் வருகிறார்கள், அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் இரண்டாம் தளத்துக்காரர் யாராவது கூட நிற்க முடிந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்