சென்டர் மீட்டிங்கில் ‘ஒரு வட்டி’ என்று சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களின் கிளை மேலாளர்களுக்கும், சென்டர் மீட்டிங் என்று குழுவைக் கூட்டிக் கடன் பேச வாராவாரம் எங்கள் தெருவுக்கு வரும் களப் பணியாளர்களுக்கும்,

வணக்கம். ஒன்பது வருடங்களாக எங்கள் ஊர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். யாருக்கு எந்த இடத்தில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பது பெரும்பாலும் என் நோட்டில் இருக்கும். போன மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் லோன் கார்டை எடுத்து வந்து, “ஒரு வட்டிக்குத்தானே வாங்கினேன், ஏன் இவ்வளவு இழுக்குது?” என்று கேட்டார். அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதே கணக்கை உங்கள் முன்னாலும் வைக்க வேண்டும் என்றுதான் இந்த மடல்.

ஊரில் ‘ஒரு வட்டி’ என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். பக்கத்து வீட்டில் பத்தாயிரம் கைமாற்றாக வாங்கினால் மாதம் நூறு ரூபாய் வட்டி கொடுப்போம். அசல் முழுசாக நம்மிடமே இருக்கும். முடிகிறபோது அசலை மொத்தமாகத் திருப்புவோம். அந்தப் பத்தாயிரமும் அத்தனை மாதமும் நம் கையில் இருந்ததால், ஒரு சதவீதம் என்பது உண்மையிலேயே ஒரு சதவீதம்.

நீங்கள் கொடுக்கும் கடனில் அசல் அப்படி நிற்பதில்லை. அந்த அக்காவுக்கு 36,000 ரூபாய், 24 மாதத் தவணை, வருடத்துக்கு ஃபிளாட் 12 சதவீதம், அதாவது மாதம் ‘ஒரு வட்டி’ என்று சொல்லியிருக்கிறார்கள். 36,000-க்கு வருடம் 4,320 ரூபாய் வட்டி, இரண்டு வருடத்துக்கு 8,640. அதை அசலோடு சேர்த்து 24-ஆல் வகுத்தால் மாதம் 1,860. இதில் 1,500 அசல், 360 வட்டி. கூட்டலில் ஒரு பைசா தப்பில்லை. ஆனால் மாதாமாதம் 1,500 திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. வட்டி மட்டும் முதல் நாள் கொடுத்த 36,000-க்கே ஓடுகிறது. கடைசி மாதத்தைப் பாருங்கள். உங்கள் கார்டின்படியே அவர் பாக்கி வைத்திருப்பது 1,500 ரூபாய் அசல்தான். அதற்கு அந்த ஒரு மாத வட்டி 360 ரூபாய். அதாவது நூற்றுக்கு 24 ரூபாய், ஒரே மாதத்துக்கு. இதை எடுத்துச் சொன்னதும் அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எல்லா மாதமும் அவ்வளவு என்று நான் சொல்லவில்லை. முதல் மாதம் அது உண்மையான ஒரு வட்டிதான். போகப்போக ஏறுகிறது. அப்படியானால் 24 மாதத்துக்கும் பொதுவான ஒரே விகிதம் எது? அதைக் கண்டுபிடிக்க ‘12 சதவீதம்’ என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கைக்கு வந்தது, எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்பதை மட்டும் எழுத வேண்டும்.

வந்தது எவ்வளவு என்று கேட்டால் 36,000 என்றுதான் கார்டு சொல்லும். ஆனால் அவர் கையில் வாங்கியது அவ்வளவு இல்லை. செயலாக்கக் கட்டணம் 360, அதற்கு ஜிஎஸ்டி 65, அவருக்கும் கணவருக்கும் காப்பீடு 775. மொத்தம் 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு வங்கிக் கணக்கில் போட்டது 34,800. இந்த இடத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். கட்டணத்தைத் தனியாக ஒரு செலவு என்று விட்டுவிட்டு வட்டியை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். கடன் வாங்குகிறவருக்கு அந்த வேறுபாடு கிடையாது. கையில் வந்தது 34,800. போகப் போவது மாதம் 1,860 வீதம் 24 முறை. இவ்வளவுதான் விஷயம்.

இனி விகிதத்தைத் தேட வேண்டும். மாதம் 2 சதவீதம் என்று வைத்துப் பார்க்கலாம். 34,800-க்கு முதல் மாத வட்டி 696. கட்டியது 1,860. வட்டி போக மீதி 1,164 அசலில் கழிகிறது, நிலுவை 33,636. அடுத்த மாதம் அந்த 33,636-க்கு மட்டும் 2 சதவீதம், அதாவது 672.72. இப்படியே 24 வரி எழுதிக்கொண்டு போனால், கடைசித் தவணையும் கட்டிய பிறகு நிலுவை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 611 ரூபாய் போய்விடுகிறது. அதாவது 2 சதவீதம்தான் வட்டி என்றால் அவர் 611 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். அப்படியானால் உண்மையான விகிதம் இதைவிட அதிகம். சரி, 2.1 வைத்து மறுபடி எழுதினால் கடைசியில் சுமார் 25 ரூபாய் பாக்கி நிற்கிறது. விகிதம் ஒரு மயிரிழை அதிகமாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவில், 2.096 சதவீதத்தில் நிலுவை சரியாகப் பூஜ்யமாகிறது.

ஊர் பாஷையில் அது இரண்டு வட்டிக்கும் கொஞ்சம் மேலே. எனக்கு மனசு கேட்காதது இந்த இடத்தில்தான். அசலை முழுசாக நம்மிடமே விட்டுவைத்து மாதம் இரண்டு வட்டி கேட்கும் ஒருவரை எங்கள் பெண்கள் ‘வட்டி ஜாஸ்தி’ என்று ஒதுக்கிவிட்டு, உங்களிடம் ‘ஒரு வட்டி’ என்று நம்பி வருகிறார்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் உங்கள் கடன்தான் ஒரு நூல் அதிகம். அந்தத் தனிநபரிடம் போகச் சொல்லி நான் எழுதவில்லை. மூன்று வட்டி, ஐந்து வட்டி வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்தும்போது அவர்களால் ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாமல் போகிறது என்பதுதான் என் குறை.

அப்புறம் வருடக் கணக்கு. 2.096-ஐ 12-ஆல் பெருக்கினால் 25.15 சதவீதம். ரிசர்வ் வங்கி கேட்கும் ஏ.பி.ஆர். என்ற வருட விகிதம் இந்த முறையில் வருவதுதான். அவர்கள் கொடுத்திருக்கும் மாதிரிக் கணக்கும் இப்படித்தான் ஓடுகிறது. மாதாமாதம் கட்டும் வட்டியை வருடம் முழுக்கக் கையில் வைத்திருந்தால் அதன் மேலும் வட்டி ஏறியிருக்கும் என்பதையும் சேர்த்தால், 1.02096-ஐ 12 முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அதில் வரும் முழு வருடச் செலவு 28.3 சதவீதம். பிடித்தம் எதுவும் இல்லாமல் முழு 36,000 கைக்கு வந்திருந்தால் இந்த இரண்டு எண்களும் 21.6, 23.8 என்று இருந்திருக்கும். 1,200 ரூபாய் பிடித்தம் என்பது கேட்க சின்னத் தொகை. ஆனால் அது மட்டுமே முழு வருடச் செலவில் நாலரை சதவீதப் புள்ளியை ஏற்றியிருக்கிறது.

கையால் 24 வரி எழுத வேண்டியதில்லை. எந்த விரிதாளிலும், உங்கள் போனில் இருப்பதிலும், இரண்டு வரி போதும்:

```
=RATE(24,-1860,34800)
=(1+RATE(24,-1860,34800))^12-1
```

முதல் வரி மாத விகிதம், இரண்டாவது முழு வருடச் செலவு. வாரத் தவணையென்றால் தவணை எண்ணிக்கையையும் தொகையையும் மாற்றி, 12 இருக்கும் இடத்தில் 52 போட வேண்டும். வாரத் தவணை வாங்கிவிட்டு 12-ஐ அப்படியே விட்டுவிட்டால் விடை அபத்தமாகக் குறைவாக வரும். வழியில் ஒரு மாதம் தவணை இல்லை, கடைசித் தவணை மட்டும் வேறு தொகை என்றிருந்தால் இந்த வரி உதவாது. அப்போது கைக்கு வந்த தொகையை முதல் கட்டத்திலும், ஒவ்வொரு தவணையையும் கழித்தல் குறியோடு அடுத்தடுத்த கட்டங்களிலும், தவணை இல்லாத மாதத்துக்குப் பூஜ்யமும் எழுதி `IRR` போட வேண்டும்.

“ஃபிளாட்டை இரண்டால் பெருக்கினால் வந்துவிடுமே” என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். பிடித்தம் இல்லாதபோது அது கிட்டத்தட்ட சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பிடித்தத்தையும் தவணைக் காலத்தையும் அந்தக் குறுக்கு வழியால் பார்க்க முடியாது. இதே 36,000, இதே 12 சதவீத ஃபிளாட், இதே 1,200 பிடித்தம், தவணை மட்டும் 12 மாதம் என்று வையுங்கள். மாதம் 3,360 கட்ட வேண்டும். முழு வருடச் செலவு 28.3-லிருந்து 32 சதவீதமாகிவிடுகிறது. பிடித்த பணம் பாதிக் காலத்துக்குள் அடைபட வேண்டும் என்பதுதான் காரணம். நீங்கள் சொன்ன ‘12’ இரண்டு கடனுக்கும் ஒன்றே.

நான் கேட்பது எதுவும் புதிதில்லை. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளே விலை விவரத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்கின்றன. 2024 அக்டோபர் முதல் முக்கிய விவரத் தாள் என்ற கே.எஃப்.எஸ். தர வேண்டும். அது கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். காப்பீடு போல இன்னொரு நிறுவனத்துக்காக நீங்கள் வசூலிக்கும் தொகையும் அந்த வருட விகிதத்துக்குள் வர வேண்டும். ‘அது இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகுது, எங்களுக்கு இல்லை’ என்று அதை வெளியே நிறுத்த வழி கிடையாது. உங்களில் பல நிறுவனங்கள் இந்தத் தாளை ஒழுங்காகவே அச்சிடுகின்றன. அந்த அக்காவின் தாளிலும் அந்த எண் இருந்தது, நாலாவது பக்கத்தில். மீட்டிங்கில் வாயால் சொல்லப்பட்டது மட்டும் ‘ஒரு வட்டி’. எங்கள் பெண்கள் முடிவெடுப்பது வாயால் சொன்னதை வைத்து.

களப் பணியாளர் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இலக்கு உங்கள் தலைமேல் இருப்பது எனக்குத் தெரியும். வெயிலில் வண்டியோட்டி வரும் உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஃபிளாட் கணக்கு என்றால் நீங்கள் வேறெதைச் சொல்வீர்கள்? அதனால் மேலாளர்களிடம் கேட்கிறேன். குழுவில் கடன் பேசும் நாளில் மூன்றே எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: கையில் எவ்வளவு வரும், தவணை எவ்வளவு வீதம் எத்தனை முறை, எல்லாம் சேர்ந்த வருட விகிதம் எவ்வளவு. அந்த அக்காவிடம் “34,800 வரும், 1,860 வீதம் 24 மாதம், வருடம் 25 சதவீதம்” என்று சொல்லியிருந்தால் போதும். அவர் ஒருவேளை அப்போதும் வாங்கியிருப்பார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கு அவசரமாகத்தான் வாங்கினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் மீட்டிங். புதிதாக ஆறு பேர் கடன் கேட்கிறார்கள். ஆறு பேருடைய தாளையும் கையெழுத்துப் போடும் முன்பு என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். நோட்டும் போனும் எடுத்து வருகிறேன். உங்கள் எண்ணும் என் எண்ணும் ஒன்றாக வருகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
குழுக் கணக்கு எழுதும் ஒரு பெண்