எழுத்து கிரேடும் சதவீத மதிப்பெண்ணும்: பத்தால் பெருக்கினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கல்விக் கேள்வி-பதில் பகுதியில் பொறியியல் மாணவர் ஒருவரின் தந்தை ஒரு கேள்வி கேட்டிருந்தார். மகனுக்குக் கல்லூரியில் நான்கு பாடங்களுக்கு எழுத்தில் கிரேடு வந்திருக்கிறது. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்த இரண்டு பாடங்களுக்குச் சதவீதத்தில் மதிப்பெண் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக எப்படி ஆக்குவது? "கிரேடு பாயிண்ட்டைப் பத்தால் பெருக்கிச் சதவீதமாக்குங்கள், ஆறையும் கூட்டி ஆறால் வகுங்கள்" என்று பதில் வந்திருந்தது. கல்லூரித் தேர்வுப் பிரிவில் இந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருப்பவன் என்பதால் எழுதுகிறேன். அந்த வழி தவறு. இதை நம்பி ஒரு பையன் தன் சிஜிபிஏவை, அதாவது எல்லாப் பாடங்களையும் சேர்த்த கிரேடு சராசரியை, தப்பாக எழுதிவிடக் கூடாது.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன் அட்டவணை பலருக்கும் பழக்கமானது என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 91 முதல் 100 வரை 'ஓ', அதற்கு 10 பாயிண்ட். 81 முதல் 90 வரை 'ஏ பிளஸ்', 9 பாயிண்ட். 71 முதல் 80 வரை 'ஏ', 8. 61 முதல் 70 வரை 'பி பிளஸ்', 7. 50 முதல் 60 வரை 'பி', 6. அதற்குக் கீழே போனால் மறுபடி எழுத வேண்டும்.

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்குத் தரப்படும் எடை. ஒரு மாணவருக்கு 4 கிரெடிட் பாடத்தில் 'ஏ', 3 கிரெடிட் பாடங்கள் இரண்டில் 'ஏ பிளஸ்', 'பி பிளஸ்', 2 கிரெடிட் ஆய்வகத்தில் 'ஓ' என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் பாடங்கள் இரண்டும் தலா 3 கிரெடிட். ஒன்றில் 78 சதவீதம், இன்னொன்றில் 62.

உங்கள் பதிலில் சொன்னபடி செய்தால் 80, 90, 70, 100, 78, 62. கூட்டினால் 480, ஆறால் வகுத்தால் 80. அதாவது 8.00.

சரியான முறையில் ஆன்லைன் மதிப்பெண்ணை முதலில் கல்லூரியின் அதே அட்டவணையில் வைத்துப் பார்க்க வேண்டும். 78 என்றால் 'ஏ', 8 பாயிண்ட். 62 என்றால் 'பி பிளஸ்', 7 பாயிண்ட். அப்புறம் ஒவ்வொரு பாயிண்ட்டையும் அந்தந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். கல்லூரிப் பாடங்களுக்கு 32, 27, 21, 20, ஆக 100. ஆன்லைன் பாடங்களுக்கு 24, 21, ஆக 45. மொத்தம் 145. இதை 18 கிரெடிட்டால் வகுத்தால் 8.06.

8.00, 8.06 இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். இந்த மாணவருக்கு அப்படி அமைந்தது தற்செயல். உங்கள் வழியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இங்கே ஒன்று கணக்கை மேலே தூக்குகிறது, மற்றது கீழே இழுக்கிறது. கிரெடிட்டைப் பார்க்காமல் விட்டதால் 2 கிரெடிட் ஆய்வகத்தில் வாங்கிய 'ஓ', 4 கிரெடிட் பாடத்துக்குச் சமமாக நின்று சராசரியை ஏற்றிவிட்டது. சதவீதத்தை அப்படியே சேர்த்ததால் ஆன்லைன் பாடங்கள் இரண்டும் அதைக் குறைத்துவிட்டன. ஆய்வகத்தில் 'ஓ'வுக்குப் பதில் 'பி' வந்திருந்தால் இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் இழுக்கும். அப்போது உங்கள் வழியில் 7.33 வரும், சரியான கணக்கில் 7.61 வரும். டிஸ்டிங்ஷனுக்கு 8.50 வேண்டும் என்று பல்கலைக்கழகம் இரண்டு தசமம் வரை பார்க்கிற இடத்தில் 0.28 என்பது சின்ன எண் இல்லை.

கிரெடிட் விஷயத்தை எல்லோரும் சீக்கிரம் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாவது பிழைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. கிரெடிட்டை ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டு, 78ஐ 7.8 என்றும் 62ஐ 6.2 என்றும் போட்டால் 7.89 வருகிறது, 8.06 வருவதில்லை. ஏன்? வகுப்பில் 71 வாங்கியவருக்கும் 8 பாயிண்ட், 80 வாங்கியவருக்கும் 8 பாயிண்ட். அதாவது ஒரு படியின் பாயிண்ட்டைப் பத்தால் பெருக்கினால் வருவது அந்தப் படியின் உச்ச மதிப்பெண். படியின் நடு எடுத்தால் 75.5தான். ஆகவே கல்லூரிப் பாடம் ஒவ்வொன்றிலும் மாணவருக்குச் சராசரியாக அரை பாயிண்ட் அளவுக்கு மேல்நோக்கிய திருத்தம் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. ஆன்லைன் பாடத்தை மட்டும் 7.8 என்று வைத்தால் அந்தத் திருத்தம் அதற்கு மறுக்கப்படுகிறது. வகுப்பில் உட்கார்ந்து 78 வாங்கிய நண்பனுக்கு 8, ஸ்வயத்தில் 78 வாங்கிய இவனுக்கு 7.8. ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு விலை வைப்பது அநியாயம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சிஜிபிஏவைச் சதவீதமாக்க, தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ தந்த வாய்பாட்டைப் பாருங்கள். சிஜிபிஏவில் 0.75ஐக் கழித்துவிட்டுத்தான் பத்தால் பெருக்கச் சொல்கிறது. 8.25 என்றால் 75 சதவீதம். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கிரேடு முறை இருந்த நாளில் பத்தால் பெருக்காமல் 9.5ஆல் பெருக்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான். 91 முதல் 100 வரையிலான படியில் வந்த மாணவர்களின் சராசரி 95ஐ ஒட்டி இருந்தது, 100ஆக இல்லை. நேராகப் பத்தால் பெருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அது அவர்கள் எடுத்த முடிவு, அவர்கள் தரும் சான்றிதழுக்குச் செல்லும். அதை வைத்துக்கொண்டு பாடம் பாடமாகக் கலந்து கணக்குப் போடக் கூடாது.

ஆகவே மாற்றம் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். சதவீதத்தை எழுத்தாக்கலாம், அதில் ஊகம் எதுவும் இல்லை. எழுத்தைச் சதவீதமாக்கினால் பத்து மதிப்பெண் அகலத்துக்குள் ஏதோ ஒன்றை நாமே கற்பனை செய்து எழுதுகிறோம். முழுக்க முழுக்கச் சதவீதத்தில்தான் மொத்த எண் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் கேட்டால், எல்லாவற்றையும் கிரேடு பாயிண்ட்டில் சேர்த்து முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை உங்கள் பல்கலைக்கழகத்தின் வாய்பாட்டைப் போடுங்கள்.

சரி, இந்த அட்டவணை வழி எல்லா இடத்திலும் ஓடுமா? ஓடாது. அடிக்கடி மாட்டிக்கொள்வது தேர்ச்சி மதிப்பெண்ணில். ஸ்வயம் தளத்தில் வரும் என்பிடெல் பாடங்களில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. மொத்தம் 40 வந்தால் சான்றிதழ் உண்டு, அசைன்மென்ட்டில் 10ம் தேர்வில் 30ம் வந்திருக்க வேண்டும். மேலே சொன்ன கல்லூரி அட்டவணையோ 50இல்தான் தொடங்குகிறது. 46 வாங்கிய மாணவர் கையில் 'வெற்றிகரமாக முடித்தார்' என்ற சான்றிதழ் இருக்கும், கல்லூரியின் அட்டவணையில் அவருக்கு இடமே இருக்காது. இந்த இடைவெளியில் சிக்கியவர்கள் தேர்வுப் பிரிவின் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சான்றிதழை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த விதி பாடத்தில் சேருவதற்கு முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு கூடிப் பேசி முடிவெடுத்தால் யாராவது ஒருவர் பாதிக்கப்படுவார்.

இன்னொரு சிக்கல் ரிலேட்டிவ் கிரேடிங். சில இடங்களில் 71 வந்தால் 'ஏ' என்று நிலையாக எதுவும் கிடையாது. வகுப்பின் சராசரியையும் மதிப்பெண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதையும் வைத்து எழுத்து தரப்படும். அங்கே 78 என்ற ஆன்லைன் மதிப்பெண்ணை வைக்க ஒரு படியே இல்லை. கல்லூரியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதியவர்கள் நாலைந்து பேர்தான் என்றால் அவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுப்பதிலும் பொருள் இல்லை. ஆன்லைன் பாடங்களுக்கென்று ஒரு நிலையான அட்டவணையைத் தனியாக அறிவிப்பதுதான் வழி.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நம் அட்டவணையைப் போடவே கூடாது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் 70க்கு மேல் வாங்கினாலே முதல் வகுப்பு. அங்கே 68 வாங்கியவரை இங்கே 'பி பிளஸ்'ஸில் வைத்தால் அது கணக்காகாது, தண்டனையாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் இந்த வம்பே வேண்டாம் என்று, வெளியில் படித்த பாடத்தின் கிரெடிட்டை மட்டும் ஏற்றுக்கொண்டு கிரேடைச் சராசரிக்கு வெளியே விட்டுவிடுகின்றன. ஒப்பிட வழி தெரியாத மதிப்பெண்ணுக்கு அது நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. 2016இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்க அனுமதித்தது. 2021 ஒழுங்குமுறையில் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. ஒரே ஒரு பாடம் என்றால் கணக்குப் பிழை பெரும்பாலும் இரண்டாம் தசமத்தோடு நின்றுவிடும். ஒரு செமஸ்டரின் ஐந்தில் இரண்டு பங்கு சதவீதத்தில் வந்தால் அது முதல் தசமத்தையே மாற்றிவிடும்.

கேள்வி கேட்ட அந்தத் தந்தை மகனிடம் சொல்லித் தேர்வுப் பிரிவில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்: ஆன்லைன் மதிப்பெண்ணுக்கு எந்த அட்டவணை, அந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட், 40க்கும் 50க்கும் நடுவில் வந்தால் என்ன செய்வார்கள். கல்லூரி தரும் கிரேடு ஷீட்டில் ஆன்லைன் பாடத்தின் எழுத்துக்குப் பக்கத்தில் அசல் சதவீதத்தையும் அச்சிடச் சொல்லிக் கேட்கட்டும். நாளை வேறொரு பல்கலைக்கழகம் தன் அட்டவணையைப் போட்டுப் பார்க்க வேண்டி வந்தால் அந்த எண்தான் தேவைப்படும். உங்கள் அடுத்த இதழில் பழைய பதிலுக்கு ஒரு திருத்தமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொறியியல் கல்லூரித் தேர்வுப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகர்,
திருச்சி